ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங்கா, ட்ரேசிங்கா: ஐந்து மதிப்பெண் விடையை ஒரே படத்தில் எழுதுவது எப்படி

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங், ட்ரேசிங் கார்பேஜ் கலெக்ஷன் ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டுடன் ஒப்பிடுக.” 5 மதிப்பெண், அரைப் பக்க இடம், ஏழெட்டு நிமிடம். பலர் உடனே நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் நான்கு வரி, வலப்பக்கம் நான்கு வரி என்று மனப்பாடம் செய்ததை அடுக்கிவிடுகிறார்கள். “இது உடனே விடுவிக்கும், அது தாமதமாக விடுவிக்கும், இது சுழற்சியைக் கண்டுபிடிக்காது, அது கண்டுபிடிக்கும்.” தவறில்லை. ஆனால் ஏன் அப்படி என்ற காரணம் அதில் எங்கும் இல்லை. மதிப்பெண் அந்தக் காரணத்துக்குத்தான். அட்டவணையை விட்டுவிட்டு, ஒரு சிறிய படம் வரைந்து, அதன்மேல் இரண்டு முறைகளையும் ஓட்டிக் காட்டினால் அந்த எட்டு வரியும் தாமாகவே வந்து விழும்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான வேலை என்ன என்று பார்ப்போம். நிரல் ஓடும்போது ஹீப்பில் ஆப்ஜெக்ட்டுகள் உருவாகின்றன. ஒரு ஆப்ஜெக்ட்டை நிரலால் இனித் தொடவே முடியாது என்ற நிலை வந்ததும், அது பிடித்திருக்கும் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தொட முடியாது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இடத்தில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன. ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிடமும் “உன்னை எத்தனை பேர் சுட்டுகிறார்கள்?” என்று கேட்கிறது. ட்ரேசிங் “ரூட்டிலிருந்து கிளம்பினால் உன்னிடம் வந்து சேர வழி இருக்கிறதா?” என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு அந்த ஆப்ஜெக்ட்டை மட்டும் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, ரூட்டிலிருந்து போகக்கூடிய எல்லா வழிகளிலும் நடந்து பார்த்தாக வேண்டும். விடையின் முதல் இரண்டு வரி இதுவாக இருந்தால் மீதி எழுதுவது எளிது.

ரூட் என்றால் ஹீப்பின் முதல் ஆப்ஜெக்ட் என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. ரூட் என்பது ஹீப்புக்கு வெளியே இருக்கும் இடம்: குளோபல் மாறிகள், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் ஸ்டாக்கில் உள்ள லோக்கல் மாறிகள், பிராசசர் ரெஜிஸ்டர்கள். நிரல் நேராகக் கை வைக்கக்கூடிய இடங்கள் இவைதான். மற்ற எதையும் இவற்றின் வழியாகத்தான் தொட முடியும்.

இனி படம்.

```
p --> A --> B <--> C
      |
      +---> D

q --> E
```

p, q இரண்டும் ரூட்கள். A-விலிருந்து B-க்கும் D-க்கும் அம்பு போகிறது. B, C இரண்டும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. E தனியாக q-வின் பிடியில் இருக்கிறது. இதைவிடப் பெரிய படம் தேவையில்லை. இதைவிடச் சிறியது, அதாவது சுழற்சியை மட்டும் காட்டும் படம், போதாது. சாதாரணமாக விடுவிக்கப்படும் D-யும், விடுவிக்கப்படக் கூடாத E-யும் பக்கத்தில் இருந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும்.

ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங்கில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் தலையிலும் ஒரு எண் இருக்கும். தன்னை நோக்கி வரும் அம்புகள் எத்தனை என்பதே அந்த எண். படத்தின் அம்புகளை எண்ணினால் A = 1, B = 2, C = 1, D = 1, E = 1. மாறிகளிலிருந்து வரும் அம்புகளை மட்டும் எண்ணி B-க்கு 0 என்று போட்டுவிடக் கூடாது. வேறொரு ஆப்ஜெக்ட்டின் உள்ளிருந்து வரும் அம்பும் கணக்கில் சேரும். B-க்கு A-விலிருந்து ஒன்று, C-யிலிருந்து ஒன்று.

இப்போது நிரல் `p = null` என்ற ஒரு வரியை ஓட்டுகிறது. A-வின் எண் 1-லிருந்து 0 ஆகிறது. 0 ஆன அந்தக் கணமே A விடுவிக்கப்படும். ஆனால் A-வை விடுவிப்பதற்கு முன், A சுட்டிக்கொண்டிருந்த ஒவ்வொன்றின் எண்ணையும் ஒன்று குறைக்க வேண்டும். அதனால் D 1-லிருந்து 0 ஆகிறது, அதுவும் விடுவிக்கப்படுகிறது. B 2-லிருந்து 1 ஆகிறது. 0 ஆகவில்லை, ஆகவே அதோடு நின்றுவிடுகிறது. C-யின் எண்ணை யாரும் தொடவே இல்லை, அது 1-லேயே இருக்கிறது. B-யை C பிடித்திருக்கிறது, C-யை B பிடித்திருக்கிறது. நிரலால் இரண்டையும் அடைய முடியாது, எண்களும் இனி ஒருபோதும் குறையாது. நிரல் முடியும்வரை அந்த இரண்டு ஆப்ஜெக்ட்டுகளின் இடமும் வீண். இதைத்தான் சுழற்சிக் கசிவு என்கிறோம்.

விடைத்தாளில் இந்த எண்களை ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டுங்கள். “சுழற்சி இருந்தால் வேலை செய்யாது” என்ற ஒரு வரியைவிட “B: 2 → 1, நின்றது” என்ற குறிப்பு அதிகம் பேசும்.

இந்த எண்களைக் கூட்டிக் கழிப்பது யார்? பாயின்டர் ஒன்று மாற்றப்படும் ஒவ்வொரு இடத்திலும் கம்பைலரோ இன்டர்பிரெட்டரோ இந்த வேலையைச் சேர்த்துவிடுகிறது:

```
write(slot, new):
    if new != null: new.rc += 1
    old = *slot
    *slot = new
    if old != null:
        old.rc -= 1
        if old.rc == 0: free(old)
```

இதில் வரிசை முக்கியம். புதியதை முதலில் கூட்ட வேண்டும், பழையதைப் பிறகுதான் கழிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டால் `p = p` என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். A-வின் எண் 1. முதலில் கழித்தால் 0 ஆகி A விடுவிக்கப்படும். அடுத்து, விடுவிக்கப்பட்ட அதே இடத்தில் போய் எண்ணை 1 ஆக்குவோம். p இப்போது செத்துப்போன இடத்தைச் சுட்டுகிறது. முதலில் கூட்டினால் 1 → 2 → 1 என்று பத்திரமாக முடியும். எட்டு மதிப்பெண் கேள்வி என்றால் இந்தப் பத்தியைச் சேர்க்கலாம். ஐந்துக்கு இது வேண்டாம்.

அடுத்து ட்ரேசிங். அதன் மிக எளிய வடிவம் மார்க்-ஸ்வீப். இங்கே `p = null` ஓடியதும் எதுவுமே நடக்காது. A, B, C, D நான்கும் குப்பையாக ஹீப்பிலேயே கிடக்கும். ஹீப் நிரம்பும்போதோ, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போதோதான் கலெக்டர் ஓடும். அப்போது அது இரண்டு கட்டமாக வேலை செய்யும். மார்க் கட்டத்தில் எல்லா ரூட்களிலிருந்தும் கிளம்பி, அம்புகளைப் பின்பற்றி, போய்ச் சேரும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலும் ஒரு அடையாள பிட்டைப் போடும். ஏற்கெனவே அடையாளம் உள்ள ஆப்ஜெக்ட்டுக்குள் மறுபடி நுழையாது; அதனால் உயிருள்ள சுழற்சி இருந்தாலும் முடிவில்லாமல் சுற்றாது. நம் படத்தில் p காலி, q மட்டும் E-யைச் சுட்டுகிறது. ஆக E-க்கு மட்டும் அடையாளம். ஸ்வீப் கட்டத்தில் ஹீப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, அடையாளம் இல்லாத A, B, C, D நான்கையும் விடுவித்து, E-யின் அடையாளத்தை அடுத்த சுற்றுக்காக அழித்துவைக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: ட்ரேசிங் சுழற்சியைக் “கண்டுபிடிப்பதே” இல்லை. B-யும் C-யும் சுழற்சியில் இருக்கின்றனவா என்று அது பார்க்கவில்லை. அவற்றுக்கு வழி இல்லை, அவ்வளவே. தேடுவது உயிருள்ளதை; மீந்ததெல்லாம் குப்பை. ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங் நேர் எதிர்: செத்ததை, அது சாகும் கணத்தில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது. நான் திருத்துகிறவனாக இருந்தால் இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாக எழுதியவருக்கு மற்ற பிழைகளைப் பெரிதாக எண்ண மாட்டேன்.

செலவுக் கணக்கும் இங்கிருந்தே வருகிறது. ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங்கில் பாயின்டரை எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு சோதனை. நிரல் எவ்வளவு அதிகமாகப் பாயின்டர்களை மாற்றுகிறதோ அவ்வளவு செலவு. ஹீப் பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. பல த்ரெட்கள் இருந்தால் இந்தச் செலவு இன்னும் ஏறும். இரண்டு த்ரெட்கள் ஒரே ஆப்ஜெக்ட்டுக்கு ஒரே நேரத்தில் புதிய அம்பு சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். எண் 1; இரண்டும் 1 என்று படித்து, இரண்டும் 2 என்று எழுதிவிட்டால், 3 இருக்க வேண்டிய இடத்தில் 2 நிற்கும். பிறகு இரண்டு அம்புகள் விலகியதும் எண் 0 ஆகி, மூன்றாமவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஆப்ஜெக்ட் விடுவிக்கப்பட்டுவிடும். இதைத் தவிர்க்க அந்தக் கூட்டல் கழித்தலை அட்டாமிக் செயலாகச் செய்ய வேண்டும். அது சாதாரணக் கூட்டலைவிடக் கனமானது.

ட்ரேசிங்கில் மார்க் கட்டத்தின் செலவு உயிருள்ள ஆப்ஜெக்ட்டுகளின் அளவைப் பொறுத்தது. 100 அலகு ஹீப்பில் 20 அலகு உயிரோடு இருந்தால், 20-ஐ நடந்து 80-ஐத் திரும்பப் பெறுகிறோம். பெற்ற ஒவ்வொரு அலகுக்கும் 0.25 அலகு நடை. அதே ஹீப்பில் 80 அலகு உயிரோடு இருந்தால், 80-ஐ நடந்து 20-தான் கிடைக்கும், அலகுக்கு 4. அதாவது 16 மடங்கு. ஸ்வீப் செலவை இதில் சேர்க்கவில்லை, ஆனாலும் போக்கு புரியும்: ஹீப் நிரம்ப நிரம்பக் கலெக்டர் அதிக உழைப்புக்குக் குறைந்த பலன் பெறுகிறது. ட்ரேசிங் பயன்படுத்தும் நிரல்களுக்குத் தாராளமாக நினைவகம் விட்டுவைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

நேரத்தைப் பற்றி எழுதும்போது பலர் வழுக்கி விழுகிறார்கள். “ட்ரேசிங் நிரலை நிறுத்தும், ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங் ஒருபோதும் நிறுத்தாது” என்று எழுதுவது முழு உண்மையல்ல. எளிய மார்க்-ஸ்வீப் வேலை முடியும்வரை நிரலை நிறுத்திவைக்கும், சரி. நிரலோடு கூடவே ஓடும் கலெக்டர்கள் அந்த நிறுத்தத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன என்பது ஒரு பக்கம். மறுபக்கம், 10 லட்சம் கணுக்கள் கொண்ட ஒரு லிங்க்டு லிஸ்ட்டின் தலையை மட்டும் விட்டுப்பாருங்கள். முதல் கணு 0 ஆகும், அது இரண்டாவதை 0 ஆக்கும், அது மூன்றாவதை. ஒரே ஒரு `head = null` வரி 10 லட்சம் விடுவிப்புகளை வரிசையாக நடத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். `free` தன்னைத்தானே அழைக்கும் விதத்தில் எழுதப்பட்டிருந்தால் ஸ்டாக் நிரம்பி நிரலே விழுந்துவிடலாம். ஆகவே “பெரும்பாலும் செலவு பரவலாக இருக்கும், ஆனால் பெரிய கட்டமைப்பை விடும்போது சங்கிலித் தொடராக நீளும்” என்று எழுதுவதே சரி.

இதையெல்லாம் ஐந்து மதிப்பெண்ணுக்குச் சுருக்கினால், படத்துக்குக் கீழே இப்படி எழுதலாம்:

> ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங்கில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தன்னைச் சுட்டும் அம்புகளின் எண்ணிக்கையை வைத்திருக்கும். எண் 0 ஆனதும் உடனே விடுவிக்கப்படும். ட்ரேசிங் முறை அவ்வப்போது ரூட்களிலிருந்து கிளம்பி, அடையக்கூடியவற்றை அடையாளமிட்டு, மற்றவற்றை விடுவிக்கும்.
>
> படத்தில் A = 1, B = 2, C = 1, D = 1, E = 1. `p = null` ஆனால் A: 1 → 0, விடுதலை, D: 1 → 0, விடுதலை, B: 2 → 1, C: 1. B, C அடைய முடியாதவை, ஆனால் ஒன்றையொன்று சுட்டுவதால் எண் 0 ஆகாது, கசிவு. ட்ரேசிங்கில் அடுத்த சுற்றுவரை எதுவும் விடுவிக்கப்படாது. சுற்று ஓடும்போது q வழியாக E மட்டும் அடையாளம் பெறும், A, B, C, D நான்கும் போகும்.
>
> முதல் முறையின் செலவு ஒவ்வொரு பாயின்டர் எழுத்திலும் பரவியுள்ளது, விடுவிப்பு உடனடி. இரண்டாவதன் மார்க் செலவு உயிருள்ள ஆப்ஜெக்ட்டுகளின் அளவைப் பொறுத்தது. விடுவிப்பு தாமதம், இடையில் நிறுத்தம் ஏற்படலாம், கூடுதல் நினைவகம் வேண்டும்.

இதற்குள் தேவையானது எல்லாம் இருக்கிறது. வரலாறு கேட்டிருந்தால் மட்டும் ஒரு வரி: இரண்டுமே 1960-இல் வெளிவந்தவை. ட்ரேசிங் ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப் கட்டுரையிலும், ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங் ஜார்ஜ் காலின்ஸின் கட்டுரையிலும் வந்தன. சுழற்சிச் சிக்கலை ஹெரால்ட் மெக்பெத் 1963-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்.

விடையில் எழுதக் கூடாத ஒரு வாக்கியம் உண்டு: “ட்ரேசிங் இருந்தால் நினைவகக் கசிவே இருக்காது.” அடைய முடியாததை மட்டும்தான் ட்ரேசிங் விடுவிக்கும். ஒரு குளோபல் பட்டியலில் ஆப்ஜெக்ட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய் எடுக்க மறந்தால், அவை அனைத்துக்கும் ரூட்டிலிருந்து வழி இருக்கிறது. இனி யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்பது கலெக்டருக்குத் தெரிய வழியே இல்லை. இந்தக் கசிவு இரண்டு முறைகளிலும் ஒன்றுபோலவே நடக்கும்.

“சுழற்சியை எப்படிச் சமாளிப்பது?” என்ற துணைக்கேள்வி வந்தால் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, நிரலாளரே ஒரு அம்பை வீக் ரெஃபரன்ஸ் ஆக்குவது. வீக் அம்பு எண்ணிக்கையில் சேராது. ஸ்விஃப்ட் மொழியில் இதற்கு `weak` என்ற சொல் இருக்கிறது. சி++ மொழியில் `weak_ptr`. நம் படத்தில் C-யிலிருந்து B-க்குப் போகும் அம்பை வீக் ஆக்கினால் B-யின் எண் தொடக்கத்திலேயே 1. `p = null` ஆனதும் A 0, D 0, B 0, B போனதால் C-யும் 0, நான்கும் போய்விடும். ஆனால் எந்த அம்பை வீக் ஆக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். தவறிப்போய் B-யிலிருந்து C-க்குப் போகும் அம்பை வீக் ஆக்கினால் C-யைப் பிடித்துவைக்க யாருமே இருக்க மாட்டார்கள். B உயிரோடு இருக்கும்போதே C காணாமல் போகும். மேலிருந்து கீழே வரும் அம்பு வலுவாகவும், கீழிருந்து மேலே திரும்பும் அம்பு வீக்காகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, எண்ணிக்கையோடு கூடவே சுழற்சிக்கென்று தனிக் கலெக்டர் வைத்துக்கொள்வது. சிபைத்தான் அப்படித்தான் செய்கிறது. நம் படத்தை, E-யை மட்டும் விட்டுவிட்டு, அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import gc, weakref

class Node:
    pass

gc.disable()
p, b, c, d = Node(), Node(), Node(), Node()
p.left, p.right = b, d
b.next = c
c.next = b
wb, wd = weakref.ref(b), weakref.ref(d)
del b, c, d
p = None
print(wd() is None)   # True
print(wb() is None)   # False
gc.collect()
print(wb() is None)   # True
```

p சுட்டும் ஆப்ஜெக்ட்தான் படத்தில் A. `del b, c, d` என்ற வரி தற்காலிக மாறிகளின் அம்புகளை நீக்கி, எண்களைப் படத்தில் உள்ளபடியே கொண்டுவருகிறது. `gc.disable()` சுழற்சிக் கலெக்டர் தானாக ஓடுவதை மட்டும்தான் நிறுத்தும்; எண்ணிக்கை முறையை யாராலும் நிறுத்த முடியாது. அதனால் D உடனே போய்விடுகிறது, B தங்கிவிடுகிறது, `gc.collect()` அழைத்த பிறகே B-யும் போகிறது. `wb`, `wd` இரண்டும் வீக் ரெஃபரன்ஸ்கள்; எண்ணைக் கூட்டாமல் எட்டிப்பார்க்க அவைதான் வசதி.

இந்தச் சுழற்சிக் கலெக்டர் வேலை செய்யும் விதத்தைக் கேட்டால், “ரூட்டிலிருந்து ட்ரேஸ் செய்கிறது” என்று எழுதிவிடாதீர்கள். அது கையில் ஏற்கெனவே இருக்கும் எண்களிலிருந்து தொடங்குகிறது. சோதிக்கும் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் எண்ணையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். பிறகு கூட்டத்துக்கு உள்ளேயே போகும் ஒவ்வொரு அம்புக்கும் நகலிலிருந்து 1 கழிக்கும். B-யின் நகல் 1, C-யிலிருந்து வரும் உள் அம்புக்கு 1 கழித்தால் 0. C-யும் அப்படியே 0. வெளியிலிருந்து யாரும் பிடித்திருக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, இரண்டும் குப்பை. இதுவே வெளியே ஒரு மாறி C-யைச் சுட்டிக்கொண்டிருந்தால் C-யின் எண் 2, உள் அம்பைக் கழித்தால் 1 மிஞ்சும், C பிழைக்கும். B-க்கு 0 வந்தாலும், பிழைத்த C-யிலிருந்து அம்பு பிடித்துப் போனால் B-யை அடையலாம் என்பதால் அதுவும் கூடவே பிழைக்கும்.